மகளின் கல்விக் கடனும் அப்பாவின் வருமான வரியும்

குடியாத்தம் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டது: மகள் முதுநிலைப் படிப்புக்கு இங்கிலாந்து போகிறாள், வங்கியில் 30 லட்சம் கடன். "கட்டுகிற வட்டியில் 30 சதவீதம் வருமான வரியில் திரும்பி வந்துவிடும்" என்று கடன் ஏற்பாடு செய்தவர் சொல்லியிருக்கிறார். உண்மையா?

பாதி உண்மை, ஐயா. வருமான வரிச் சட்டம் கல்விக் கடன் வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. 2025-26 நிதியாண்டுவரை இது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80இ பிரிவு. பிளஸ் டூவுக்குப் பிந்தைய படிப்பாக இருந்தால் போதும், வெளிநாட்டிலும் படிக்கலாம். கழிவுக்கு உச்சவரம்பு கிடையாது. அசலுக்கு இந்தச் சலுகை இல்லை. அதைவிட முக்கியமாக, பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டுமே இது கிடைக்கும். அந்த ஒரு விஷயத்தைத்தான் கடன் ஏற்பாடு செய்கிறவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள்.

உங்கள் கணக்கையே 2025-26 நிதியாண்டின் விகிதப்படி போடுவோம். ஆண்டுச் சம்பளம் 16 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் ஆண்டு வட்டி 3 லட்சம். புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 போக, செஸ் சேர்த்து வரி 1,13,100 ரூபாய். பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, சேமிப்புக் கழிவு 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, அத்துடன் கல்விக் கடன் வட்டி 3 லட்சம் எல்லாம் கழித்தாலும் வரி 1,40,400 ரூபாய் வருகிறது. மூன்று லட்சம் வட்டி கட்டியும் பழைய முறைதான் நஷ்டம்!

உங்களுக்குக் காட்பாடியில் குடியிருக்கும் வீட்டின் மீது கடன் இருக்கிறது. அதன் வட்டியில் 2 லட்சத்தைப் பழைய முறையில் கழிக்கலாம். அப்போது வரி 91,000 ரூபாயாக இறங்குகிறது. ஆக உங்கள் உண்மையான லாபம் 22,100 ரூபாய். கடன் ஏற்பாடு செய்தவர் சொன்ன 30 சதவீதப்படி வரும் 90,000 அல்ல. வீட்டுக் கடன் இல்லாத உங்கள் சக ஆசிரியர் இதே சம்பளத்தில் இதே கடனை வாங்கினால் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. சம்பளக்காரர் என்பதால் நீங்கள் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். ராணிப்பேட்டையில் தோல் தொழில் நடத்துகிறவருக்கு அந்த வசதி இல்லை: அவர் புதிய முறையை விட்டு வெளியே வந்து மீண்டும் அதற்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி வெளியேற முடியாது.

அடுத்தது காலக்கணக்கு. முதன்முதலில் வட்டி கட்டும் நிதியாண்டையும் சேர்த்து எட்டு ஆண்டுகள்தான் இந்தக் கழிவு. படிப்பு முடிந்து ஒரு வருடம்வரை தவணை கட்டத் தேவையில்லை என்று வங்கி சொல்லியிருக்கிறது, அதுவரை காத்திருந்தால் எட்டு ஆண்டும் பிறகு முழுதாகக் கிடைக்குமே என்று நினைக்கிறீர்கள். இளம் வயதுப் பெற்றோருக்கு அது சரியாக இருக்கலாம். உங்களுக்குப் பணி ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளே உள்ளன. தவணை தொடங்க மூன்று ஆண்டுகள் போய்விட்டால், சம்பளத்தில் கழிக்க மிஞ்சுவது இரண்டே ஆண்டுகள். ஓய்வூதியம் மட்டும் வரும் காலத்தில் புதிய முறையில் 12 லட்சம்வரை வரியே இல்லை. அப்போது இந்தக் கழிவை வைத்து என்ன செய்வது? ஆகவே இப்போதிருந்தே மாதந்தோறும் வட்டியைக் கட்டுங்கள். கட்டாத வட்டி கடனோடு சேர்ந்து ஏறும். கட்டிய வட்டிக்குத்தான் கழிவும் உண்டு. ஆனால் கடனின் முதல் பகுதி பிப்ரவரியில் வந்தால், மார்ச்சில் அவசரப்பட்டுச் சிறு வட்டி கட்ட வேண்டாம். அந்த ஒரு மாதமே ஓர் ஆண்டாகக் கணக்காகிவிடும். ஏப்ரலில் தொடங்குங்கள்.

யார் பெயரில் கடன் என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கடனை வாங்கியவர் தன் வருமானத்திலிருந்து வட்டி கட்டினால்தான் சட்டம் கழிவு தருகிறது. மகள் மட்டும் கடன்தாரர், நீங்கள் ஜாமீன்தாரர் என்று பத்திரம் இருந்தால் உங்களால் கேட்க முடியாது. மகள் கேட்கலாம் என்றாலும், லண்டனில் சம்பாதிப்பவளுக்கு இங்கே வரி கட்டும் வருமானம் ஏது? பத்திரத்தில் நீங்கள் முதன்மைக் கடன்தாரராகவோ, குறைந்தபட்சம் இணைக் கடன்தாரராகவோ இருக்க வேண்டும். முதன்மையாக இருப்பது சிக்கலற்றது. வட்டி உங்கள் சம்பளக் கணக்கிலிருந்தே போகட்டும். நிதியாண்டு முடிந்ததும் வட்டியையும் அசலையும் பிரித்துக் காட்டும் சான்றிதழை உங்கள் பெயரோடு வங்கியில் வாங்குங்கள். கடன் எண், அனுமதி தேதி, நிலுவைத் தொகை எல்லாம் இப்போது வரிப் படிவத்திலேயே கேட்கப்படுகின்றன.

விமான டிக்கெட்டுக்காக நகையை அடகு வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். அந்த நகைக்கடன் வட்டியை இதில் சேர்க்காதீர்கள். அதன் ரசீதில் கல்வி என்ற சொல்லே இருக்காது. வெளிநாட்டு நிறுவனம் நேரடியாகத் தரும் கடனுக்கும் இந்தக் கழிவு பொருந்தாது. வங்கியல்லாத நிதி நிறுவனமாக இருந்தால், இந்தக் கழிவுக்காக மத்திய அரசு அதை அறிவித்திருக்கும் ஆணையின் நகலைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.