92 சதவீதம் பிளேஸ்மெண்ட் என்றால் எத்தனை பேரில் 92?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. பிளஸ் டூவில் கணிதம் 71, இயற்பியல் 78, வேதியியல் 86. வேதியியல்தான் பிடிக்கும் என்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள். ஒரு கல்லூரியில் 92 சதவீதம் பிளேஸ்மெண்ட் என்று சொல்லி, அட்வான்ஸ் கட்டி சீட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

ஐயா, முதலில் அட்வான்ஸ் கட்டாதீர்கள். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டால், உங்கள் மகளுக்கு உரிமையாக வரவேண்டிய பெரிய சலுகை கையைவிட்டுப் போய்விடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அவர்களுக்குத் தனி ரேங்க் பட்டியல். அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இது கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் மட்டும்தான். வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கி வையுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும்.

அடுத்து அந்த 92. ராணிப்பேட்டை பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் பிளேஸ்மெண்ட் செல்லில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இந்த எண் எப்படி உருவாகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அது பொய்யான எண்ணாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. எதை எதால் வகுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. ஒரு வருடம் 240 பேர் சேருகிறார்கள். நான்கு வருடத்தில் அரியர் இல்லாமல் பட்டம் முடிப்பவர்கள் 132 பேர். அந்த 132 பேரில் பிளேஸ்மெண்டுக்குப் பெயர் கொடுத்து, மதிப்பெண் தகுதியும் உள்ளவர்கள் 106 பேர். அவர்களில் 98 பேருக்கு ஆஃபர் கிடைக்கிறது. 98ஐ 106ஆல் வகுத்தால் 92 சதவீதம். பஸ் ஸ்டாண்டு பிளெக்ஸில் வருவது இதுதான். ஆனால் உங்கள் மகள் சேரும்போது அந்த 106 பேரில் ஒருத்தியாகச் சேரவில்லை, 240 பேரில் ஒருத்தியாகச் சேருகிறாள். 98ஐ 240ஆல் வகுத்தால் 41 சதவீதம்தான். மீதிப் பேர் எல்லாரும் சும்மா இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வெளியே தாங்களாகவே வேலை தேடிக்கொண்டவர்கள், மேல்படிப்புக்குப் போனவர்கள் அதில் இருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு வேலை வாங்கித் தந்தது கல்லூரி இல்லை.

இதிலும் ஒரு உள்விஷயம் உண்டு. சில இடங்களில் ஆட்களை எண்ணாமல் ஆஃபர்களை எண்ணுவார்கள். ஒரே மாணவிக்கு மூன்று கம்பெனி ஆஃபர் கொடுத்தால் அது மூன்று. அதனால் "எத்தனை ஆஃபர்?" என்று கேட்காதீர்கள். "எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள்?" என்று கேளுங்கள்.

நிஜ எண்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், தங்கள் விவரங்களை ஒரு படிவத்தில் கொடுத்து, அதைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். கல்லூரியின் பெயருடன் NIRF என்று சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் பிளேஸ்மெண்ட், மேல்படிப்பு பற்றி ஒரு அட்டவணை இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, அவர்களின் மீடியன் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள் என்று வரிசையாக வரும். நான் மேலே போட்ட வகுத்தலை அந்த எண்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

மீடியன் என்பது, வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிற்கவைத்தால் நட்டநடுவில் நிற்பவரின் சம்பளம். விளம்பரத்தில் வரும் உச்ச சம்பளம் ஒரே ஒரு மாணவருடையது. சராசரியும் அப்படித்தான், நாலைந்து பேர் பெரிய சம்பளம் வாங்கினால் மொத்தமும் மேலே ஏறிவிடும். மீடியனை அப்படி ஏற்ற முடியாது. அது வருடத்துக்கு 2,40,000 என்றிருந்தால் மாதம் 20,000. பாதிப் பேருக்கு அதற்கும் கீழே. அதிலும் பி.எஃப் போன்ற பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். சென்னையில் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு போக என்ன மிஞ்சும் என்று அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இந்த அட்டவணைக்கும் குறை உண்டு. கல்லூரி தானே கொடுக்கும் தகவல் அது. எல்லாப் பிரிவும் சேர்ந்த மொத்தம்தான் இருக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் தனியாக இருக்காது. பிரிவு வாரியாக வேண்டுமென்றால், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்காகக் கல்லூரி வெளியிடும் கோப்புகளில் வேலை கிடைத்தவர்களின் பெயர், படிப்பு, நிறுவனம் எல்லாம் பட்டியலாக இருக்கும். பொறுமையாக உட்கார்ந்தால் எண்ணிவிடலாம். இந்த இரண்டும் கிடைக்கவில்லை, கேட்டாலும் காட்டவில்லை என்றால் அந்தக் கல்லூரியைப் பட்டியலின் கீழே தள்ளிவிடுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரி வாரியான தேர்ச்சி சதவீதத்தையும் பாருங்கள். அந்த 240 எப்படி 132 ஆகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

இனி படிப்பு. மகளின் கட் ஆஃப் 71, அதோடு 78இல் பாதி 39, 86இல் பாதி 43, மொத்தம் 153. இந்த 153ஐ விட அதற்குள் இருக்கும் மூன்று எண்கள்தான் அவளைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

வேதியியல் பிடிக்கும் என்கிறாளே, அதில் எது பிடிக்கும் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் நிறையப் பிள்ளைகளின் பாதை பிரிவதைப் பார்த்திருக்கிறேன். லேபில் டைட்ரேஷன் செய்யும்போது, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரே சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு வந்து நிற்கும் இடத்தைப் பிடிப்பதில் அவளுக்கு ஆர்வமா? அளவு ஒத்துப்போகும்வரை சலிக்காமல் திரும்பச் செய்கிறாளா? இல்லை, வினைகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குவது எளிதாக இருந்ததா? போன 14 மதிப்பெண் எங்கே போனது? வேதிவினை வேகவியல், மின்வேதியியல் கணக்குகளில் போயிருந்தால் அது முக்கியமான தகவல்.

ஏனென்றால் வேதியியல் பிடிக்கிறது என்று கெமிக்கல் இன்ஜினியரிங் எடுத்துவிட்டு முழிப்பவர்கள் உண்டு. அந்தப் படிப்பில் வேதியியல் கொஞ்சம்தான். குழாயில் திரவம் எப்படி ஓடும், வெப்பம் எப்படிக் கடக்கும், ஒரு கலவையை எத்தனை அடுக்கில் பிரிக்கலாம் என்பதெல்லாம்தான் அதன் உடல், எல்லாமே கணிதத்தில் நடப்பவை. கணிதம் 71 என்பதால் முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் லேப்தான் பிடிக்கும் என்கிற பெண்ணுக்கு அது ஏமாற்றமாக இருக்கும்.

லேப் பிடிக்கும் என்றால் நம் ஊரிலேயே பார்க்க ஒரு வேலை இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்கள் இருக்கின்றன. பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் மக்கள் அமைப்பு ஒன்று போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே, அதற்குப் பிறகு சுத்திகரிப்பு இல்லாமல் தோல் தொழில் நடத்த முடியாத நிலை வந்தது. அங்கே உள்ள லேபில் தண்ணீரில் எவ்வளவு கழிவு இருக்கிறது என்று அளக்க சி.ஓ.டி என்றொரு சோதனை செய்வார்கள். கழிவுநீரோடு டைகுரோமேட்டும் அமிலமும் சேர்த்து, 150 டிகிரியில் 2 மணி நேரம் சூடாக்கி, ஆறவைத்து டைட்ரேஷன் செய்வார்கள். நீலப்பச்சை சட்டென்று செம்பழுப்பாக மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். பள்ளி லேபில் அவள் செய்த அதே கைவேலைதான். தெரிந்தவர்கள் மூலம் அனுமதி வாங்கி ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அந்த வாடையையும் சேர்த்துத்தான் அவள் பார்க்க வேண்டும்.

அந்த வழிக்குப் போக இரண்டு படிப்புகள். ஒன்று பி.எஸ்சி வேதியியல். செலவு குறைவு, வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பி.எஸ்சியோடு நிறுத்தினால் ஆரம்பச் சம்பளம் குறைவு, மேலே ஏறுவதும் மெதுவாக இருக்கும். எம்.எஸ்சி வரை ஐந்து வருடம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு சேருங்கள். ஜாம் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டியில் எம்.எஸ்சிக்கு வழி உண்டு. இன்னொன்று பி.டெக் லெதர் டெக்னாலஜி. கிண்டி ஏ.சி.டெக்கில், அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடக்கும் படிப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ் அளவுக்குக் கட் ஆஃப் ஏறாது. ஆனால் இது ஏற்றுமதியை நம்பியிருக்கும் தொழில். வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் இங்கே வேலை குறையும். அதைத் தெரிந்துகொண்டு எடுக்கட்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸை நான் தள்ளவில்லை. கவுன்சிலிங்குக்கு முன்னால் இருக்கும் வாரங்களில் பைத்தான் கொஞ்சம் கற்றுப் பார்க்கட்டும். இலவசமாகவே பாடங்கள் கிடைக்கின்றன. ஒரு மின்கட்டணக் கணக்கைப் புரோகிராமாக எழுதச் சொல்லுங்கள். தப்பு வந்து நிற்கும்போது ஏன் என்று தேடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாளா, லேப்டாப்பை மூடிவிடுகிறாளா என்று கவனியுங்கள். உட்கார்ந்தால், மேலே சொன்ன வகுத்தலில் தேறும் கல்லூரியாகப் பார்த்துத் தாராளமாகச் சேருங்கள். மூடினால், நாலு வருடமும் அந்தத் தப்புகளோடுதான் அவள் இருக்கவேண்டும் என்பதை சொந்தக்காரர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். இப்போது இந்தப் பிரிவில் கல்லூரிகள் சீட்டுகளைக் கூட்டிக்கொண்டே போகின்றன, கம்பெனிகள் எடுப்பதோ வருடத்துக்கு வருடம் ஏறி இறங்குகிறது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். tngasa.in தளத்தில் கலை அறிவியல் கல்லூரிக்கும், tneaonline.org தளத்தில் பொறியியலுக்கும் இரண்டு விண்ணப்பமும் போடுங்கள். பொறியியல் கவுன்சிலிங் முடியும்வரை காத்திருந்தால் நல்ல பி.எஸ்சி இடங்கள் போய்விடும். சாய்ஸ் நிரப்பும்போது, கிடைக்குமா என்று யோசித்து வரிசையை மாற்றாதீர்கள். அவளுக்கு உண்மையில் எது முதலில் வேண்டுமோ அது முதலில் இருக்கட்டும். அது கிடைக்காவிட்டால் அடுத்ததைத்தான் பார்ப்பார்கள், மேலே எழுதியதால் கீழே இருப்பது கெடாது. போன வருடக் கட் ஆஃபை உங்கள் சமூகப் பிரிவுக்கு எதிரே பாருங்கள், 7.5 பட்டியலில் எங்கே முடிந்தது என்பதையும் விசாரியுங்கள். 153க்கு நீங்கள் நினைப்பதைவிட நல்ல இடம் அங்கே இருக்கலாம். சாய்ஸை வீட்டிலோ, அவளுடைய பள்ளி ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதோ நிரப்புங்கள். பிரவுசிங் சென்டரில் வந்து உதவுகிறேன் என்று சொல்பவர் யாருக்கும், அந்தக் கல்லூரி ஆட்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பாஸ்வேர்டோ ஓ.டி.பியோ கொடுக்காதீர்கள்.