வினைச்சொல் நகர்ந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேள்வி: ஃபிரெஞ்சில் வினைச்சொல் கால விகுதியின் இடத்துக்கு, அதாவது வாக்கியத்தில் இன்னும் முன்னால், ஏறுகிறது, ஆங்கிலத்தில் ஏறுவதில்லை என்கிறார்கள். சொல் நகர்வதை யாரும் பார்த்ததில்லையே, இதற்கு என்ன ஆதாரம்?

நகராத ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு பார்ப்பதுதான் வழி. வினையும் அதன் செயப்படுபொருளும் சேர்ந்த வினைத்தொடரின் இடது ஓரத்தில் வரும் 'அடிக்கடி' போன்ற வினையடையும் எதிர்மறைச் சொல்லும் இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில் நிற்கின்றன என்று வையுங்கள். 'அவள் அடிக்கடி இத்தாலியன் பேசுகிறாள்' என்பது ஃபிரெஞ்சில் 'எல் பார்ல் சுவான் இத்தாலியன்'. பேசுவதைக் குறிக்கும் 'பார்ல்', அடிக்கடியைக் குறிக்கும் 'சுவா'னுக்கு முன்னால் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'ஷீ ஆஃபன் ஸ்பீக்ஸ் இட்டாலியன்', வினை பின்னால்தான். எதிர்மறையிலும் இதே கதை. ஃபிரெஞ்சில் 'எல் நு பார்ல் பா இத்தாலியன்' என்று வினை எதிர்மறைச் சொல்லான 'பா'வைத் தாண்டுகிறது. ஆங்கில வினையால் 'நாட்'டைத் தாண்ட முடியாது. அதனால் காலத்தைச் சுமக்க 'டஸ்' வந்து நிற்கிறது.

சரி, ஃபிரெஞ்சில் வினையடையின் இடமே வேறாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் இங்கேதான் இருக்கிறது. காலம் காட்டாத எச்ச வடிவத்தைப் போட்டுப் பாருங்கள். 'இத்தாலியன் பேசாமலிருப்பது' என்பதற்கு 'நு பா பார்லே இத்தாலியன்' என்றுதான் சொல்ல வேண்டும். 'நு பார்லே பா' தவறு. மொழியும் மாறவில்லை, வினையும் மாறவில்லை, 'பா'வும் அதேதான். காலமும், எழுவாய்க்கு ஏற்ப வினை மாறும் இயைபும் போனதும் வினை கீழேயே தங்கிவிட்டது. அப்படியானால் ஏற்றியது அந்த விகுதியின் இடம்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இதே எச்ச வடிவம் 'பா'வைத் தாண்டாது, ஆனால் 'மிகக் கொஞ்சமாகவே' என்ற பொருள் தரும் 'அ பென்' போன்ற வினையடையைத் தாண்டலாம். 'பார்லே அ பென் லித்தாலியன்', 'அ பென் பார்லே லித்தாலியன்' இரண்டும் சரி. அதாவது வினை பாதி தூரம் ஏறி நிற்கவும் முடிகிறது. 1989-இல் மொழியியலாளர் போலாக் இதை வைத்துத்தான் காலத்துக்கு ஓர் இடம், இயைபுக்கு ஓர் இடம் என்று இரண்டாகப் பிரித்தார்.

நீங்களே சோதிக்கும்போது வாக்கியத்தில் செயப்படுபொருள் கட்டாயம் இருக்கட்டும். 'ஷீ ஸ்பீக்ஸ் ஆஃபன்' என்பதை வைத்து ஆங்கில வினையும் ஏறுகிறது என்று முடிவு கட்டக்கூடாது. அங்கே வினையடை வாக்கியக் கடைசியில் ஒட்டியிருக்கலாம். 'ஷீ ஸ்பீக்ஸ் ஆஃபன் இட்டாலியன்' தவறாக ஒலிப்பதுதான் சான்று. அப்புறம், 'ஷீ இஸ் ஆஃபன் லேட்', 'ஷீ இஸ் நாட் லேட்' என்பவற்றைப் பார்த்தால் ஆங்கிலத்திலும் 'பி' என்ற வினை ஏறுவது தெரியும்.

தமிழில் இந்தச் சோதனை வேலை செய்யாது. வினை, கால விகுதி, 'இல்லை' எல்லாமே வலது கோடியில் வரிசையாக நிற்கின்றன, வினையடை வழக்கமாக இடப்பக்கம். 'அடிக்கடி பேசவில்லை' என்பதில் வினை ஏறினாலும் ஏறாவிட்டாலும் சொல் வரிசை ஒன்றுதான். வேறு வகைச் சான்றுதான் தேட வேண்டும்.