படக்கதைத் தமிழாக்கம்: பொருள் வந்துவிட்டது, சிரிப்பு எங்கே போயிற்று?

கேள்வி: ஆங்கில நகைச்சுவைப் படக்கதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வசனத்தில் எதையும் விடவில்லை, பொருளும் சரிதான். ஆனால் படித்துப் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. 'பேங்', 'க்ளிங்க்', 'கல்ப்' போன்ற சத்தங்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே போட்டால் ஒட்டாமல் நிற்கிறது. பாதி வசனம் பலூனுக்குள் அடங்கவும் இல்லை. எதை மாற்ற வேண்டும்?

பதில்: மூன்று கட்டங்களே உள்ள ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு பார்ப்போம். உங்கள் சிக்கல்கள் எல்லாமே அதற்குள் வந்துவிடும்.

நள்ளிரவு. தாத்தா சாய்வு நாற்காலியில் தூங்குகிறார், தலைக்கு மேல் 'இஸட்' எழுத்துகள் மிதக்கின்றன. அவர் சட்டைப்பையிலிருந்து பேரன் சாவியை உருவுகிறான். பக்கத்தில் நிற்கும் தங்கையிடம் அவன் சொல்வது: இடியும் மழையுமாக இருந்தாலும் தாத்தா தூங்கிக்கொண்டே இருப்பார். இரண்டாம் கட்டத்தில் சாவி கைநழுவித் தரையில் விழுகிறது, 'க்ளிங்க்'. மூன்றாம் கட்டத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்து தாத்தா சொல்வதைச் சொல்லுக்குச் சொல் எழுதினால், 'இடி, ஆம். சாவிகள், இல்லை.'

சொல்லுக்குச் சொல் போனால் முதல் பலூன் 'இடியுடன் கூடிய மழையிலும்கூட அவரால் தூங்க முடியும்' என்றாகும். இது வானிலை அறிக்கையின் குரல், பயத்தில் கிசுகிசுக்கும் பையனின் குரல் இல்லை. மூன்றாவது பலூன் அதைவிட மோசம். ஆங்கிலத்தில் 'ஆம்', 'இல்லை' இரண்டும் தனியாக நின்று பதிலாகிவிடும். தமிழில் பெரும்பாலும் வினையைத் திருப்பிச் சொல்லித்தான் பதில் சொல்வோம். 'வருவியா?' என்றால் 'வருவேன்' என்போம். அதனால் 'சாவிகள், இல்லை' என்பது சாவி காணவில்லை என்று கேட்கும்.

இங்கே மொழிபெயர்க்க வேண்டியது ஒரு செயல்: பேரன் சொன்ன சொல்லையே பிடித்து தாத்தா திருப்பி அடிக்கிறார். ஆகவே கடைசி பலூனை முதலில் எழுதுங்கள், அதற்கு வேண்டிய சொல்லை முதல் பலூனில் விதையுங்கள். தமிழில் இடி 'விழும்', சாவியும் 'விழும்'. ஆங்கில மூலத்தில் இல்லாத இந்தப் பொருத்தம் நமக்கு இனாமாகக் கிடைக்கிறது. பேரன்: 'பயப்படாத! இடியே விழுந்தாலும் தாத்தா எழ மாட்டாரு.' தாத்தாவுக்கு முதலில் தோன்றக்கூடியது, 'இடி விழுந்தா எழ மாட்டேன். சாவி விழுந்தா எழுந்துடுவேன்.' பரவாயில்லை. ஆனால் 'சாவி' என்று படித்த கணமே வாசகருக்குப் புரிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு வரும் இரண்டு சொற்களும் விளக்கவுரை. இப்படித் திருப்பிப் பாருங்கள்: 'இடி விழுந்தா எழ மாட்டேன்தான். விழுந்தது சாவியாச்சே!' எதிர்பாராத சொல் கடைசிக்குப் போய்விட்டது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. 'தான்' பேரன் சொன்னதை ஒத்துக்கொள்கிறது, 'ஆச்சே' அவனை மடக்குகிறது. மூலத்தில் முகபாவம் காட்டியதை இங்கே இரண்டு ஒட்டுச்சொற்கள் காட்டுகின்றன.

இந்த ஒட்டுச்சொற்களை நீங்கள் எவ்வளவு நம்புகிறீர்களோ அவ்வளவுக்கு வசனம் உயிர் பெறும். ஆங்கிலப் படக்கதைகளில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல அதைத் தடித்த எழுத்தில் போடுவார்கள். அதே இடத்தில் தமிழிலும் தடித்த எழுத்தைப் போட்டால் பல நேரம் அழுத்தம் தவறான சொல்லில் விழும். நம் மொழி அழுத்தத்தை 'தான்', 'ஏ', 'ஆ', 'கூட' ஆகியவற்றாலும் சொல் வரிசையாலும் காட்டுகிறது. 'நான்' தடித்திருக்கும் 'நான் எடுக்கல' என்பதைவிட 'எடுத்தது நான் இல்ல' என்பது தெளிவு. அதுவே ஆத்திரத்தில் வந்தால் 'நானா எடுத்தேன்?' தடித்த எழுத்தைக் கத்தலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வாக்கியம் இரண்டு கட்டங்களில் பிரிந்து வரும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஒருவன் பெட்டியைத் திறக்கப் போகிறான். முதல் கட்டத்தில் நண்பன், 'அதைத் திறக்க மாட்டேன்...' அடுத்த கட்டத்தில் பெட்டி வெடித்துப் புகை, '...நான் நீயாக இருந்தால்.' ஆங்கிலத்தில் நிபந்தனை பின்னால் வரலாம், தமிழில் அது முன்னால் வரத் துடிக்கும். வரிசையை மாற்றினால் 'திறக்காதே' என்ற எச்சரிக்கை வெடிப்புக்குப் பிறகு போய்விடும். மூலத்தின் வரிசையிலேயே வைத்தாலோ வாக்கியம் தலைகீழாகத் தொங்கும். இரண்டையும் விட்டுவிட்டு, வெடிப்பதற்கு முன் வாசகருக்கு என்ன தெரிய வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பெட்டியில் ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் போதும். 'அதத் திறக்கிறதுக்கு முன்னாடி...', வெடிப்பு, '...என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.' தமிழ் வரிசையும் கெடவில்லை, படத்தின் வரிசையும் கெடவில்லை.

இனி சத்தத்துக்கு வருவோம். 'பேங்' ஏன் ஒட்டவில்லை? நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான். சொல்லின் முதலில் அதை அழுத்தி ஒலிப்பதா மென்மையாக ஒலிப்பதா என்பதைச் சொல் ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் வாசகர் முடிவு செய்வார். புதிதாகக் கண்ட 'பேங்' முன் ஒரு கணம் தயங்குவார், சத்தம் அந்தத் தயக்கத்திலேயே செத்துவிடும். 'பாம்' என்று எழுதினால் சத்தம் போய் வெடிகுண்டு என்ற பொருள் வந்து நிற்கும். ஆகவே வாசகர் காதில் ஏற்கெனவே இருக்கும் ஒலிச்சொல்லைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் ஒரே 'பேங்' பல வேலை செய்கிறது. தமிழில் கதவு அறைந்தால் 'படார்', துப்பாக்கி என்றால் 'டுமீல்', வெடித்தால் 'டமால்', கன்னத்தில் விழுந்தால் 'பளார்'. எது எதன்மேல் மோதியது என்று படத்தைப் பார்க்காமல் ஒலிச்சொல்லை எழுதவே கூடாது. 'டிஷ்யூம்' போட்டால் சினிமாச் சண்டை நினைவுக்கு வந்துவிடும். பகடி செய்யும் இடத்தில் அது அருமை, ஒருவர் உண்மையாகவே அடிவாங்கும் இடத்தில் நாசம்.

பொருத்தமான சொல் அகப்படாவிட்டால் நீங்களே ஒன்றைக் கட்டலாம், அதற்குத் தமிழ்க் காது சில தடங்கள் வைத்திருக்கிறது. 'ப்', 'க்', 'ட்' என்று முடிந்தால் சத்தம் அங்கேயே நின்றுவிடும்: தொப், டக், பட். 'ங்', 'ம்' என்று முடிந்தால் கொஞ்ச நேரம் அதிரும்: டங், ணங், தொம். 'ஆர்' என்று விரிந்தால் திடீர் வேகம்: சடார், படார். இகரம் வந்தால் பொருள் சிறிது, ஒலி மெல்லியது. ஒகரம் வந்தால் கனம். இரட்டித்தால் தொடர்கிறது: ஒரு தடவை மோதினால் 'தட்', குதிரைகள் ஓடினால் 'தடதட'. உரைநடையில் வரும் 'என்று', 'வென' போன்ற ஒட்டுகளைப் படத்தில் விட்டுவிடுங்கள். 'சடசடவென' என்று எழுதினால் சத்தம் வர்ணனையாகிவிடும்.

நம் துணுக்கில் விழுந்தது ஒற்றைச் சாவி, விழுந்த இடம் கல் தரை. சிறிய உலோகம், எனவே இகரம். கொஞ்சம் அதிரும், எனவே 'ங்'. 'கிளிங்!' போதும். 'ணங்' போட்டால் பாத்திரம் விழுந்ததாகத் தோன்றும். இதைப் பெரிய எழுத்தில் போடாதீர்கள், தரைக்குப் பக்கத்தில் சின்னதாகப் போடுங்கள். சத்தம் சிறிதாக இருந்தால்தான் தாத்தா எழுந்தது வேடிக்கை. முதல் கட்டத்து 'இஸட்' வரிசைக்குக் 'கொர்ர்ர்...' இருக்கவே இருக்கிறது. இரண்டாம் கட்டத்தில் அந்தக் குறட்டையைக் 'கொர்—' என்று பாதியில் வெட்ட ஆசை வரும். வெட்டினால் தாத்தா விழித்துவிட்டார் என்பது ஒரு கட்டம் முன்பே தெரிந்துவிடும். மூலத்தில் வெட்டு இல்லையென்றால் நீங்களும் வெட்டாதீர்கள்.

'கல்ப்' வேறு வகை. அது ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல், 'விழுங்கு' என்பதுதான் பொருள். பயத்தில் எச்சில் விழுங்குவதைக் காட்ட அதையே ஒலியாகப் போடுகிறார்கள். தண்ணீர் குடித்தால் 'மடக்' பொருந்தும். பயத்துக்கு நம்மிடம் நிலைத்த சத்தம் இல்லை. அதை ஒலியிலிருந்து எடுத்து வசனத்தில் திக்கலாக வைத்துவிடுங்கள்: 'அ... அது வந்து...' திக்கும்போது ஆங்கிலம் முதல் மெய்யை மட்டும் திருப்பிச் சொல்லும், நாம் அசையைத் திருப்பிச் சொல்வோம். 'ப்-பயமா' என்பதைப் படிக்க முடியாது, 'ப... பயமா இருக்கு' என்பது காதில் விழும்.

ஜப்பானியப் படக்கதைகளில் சத்தமே இல்லாதவற்றுக்கும் ஒலிச்சொல் வரும். வெறித்துப் பார்ப்பது, மினுங்குவது, ஏன், அமைதிக்குக்கூட ஒன்று உண்டு. ஆங்கிலம் வழியாக வரும்போது இவை 'முறைப்பு', 'மின்னல்' என்று வெறும் பெயர்ச்சொல்லாகச் சுருங்கியிருக்கும். நமக்கு அந்த வறுமை இல்லை: விழிக்கிறவனுக்குத் 'திருதிரு', நெஞ்சுக்குத் 'திக் திக்', மினுங்குவதற்குப் 'பளபள', வாயடைத்த சபைக்குக் 'கப்சிப்'. இந்த ஒலிச்சொற்களைத் தயங்காமல் எடுங்கள்.

பலூனில் அடங்காததற்குப் பெரும்பாலும் காரணம் எழுத்துநடை. 'எழுந்திருக்கமாட்டார்' பதினொரு எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. 'எழ மாட்டாரு' ஆறே எழுத்து, நடுவில் உடைக்கவும் முடியும். பலூன் நடுவில் அகலம், மேலும் கீழும் குறுகல் என்பதால் வரிகளையும் அப்படியே அடுக்குங்கள்:

பயப்படாத!
இடியே விழுந்தாலும்
தாத்தா எழ
மாட்டாரு.

சொல்லை உடைத்தே ஆக வேண்டுமென்றால் புதிய வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு மேலும் கீழும் நீட்டல் இல்லாததால் வரிகள் நெருங்கி இருக்கும். அதே இடைவெளியில் தமிழை வைத்தால் மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'டி'யோடு முட்டும். எழுத்தளவில் 120 முதல் 130 சதவீதம் வரி இடைவெளியில் தொடங்கி, கண்ணுக்குச் சரியாகும்வரை நகர்த்துங்கள். அப்போதும் அடங்கவில்லையா, எழுத்தைச் சுருக்காதீர்கள், வசனத்தைச் சுருக்குங்கள். ஒரு பலூனில் மட்டும் எழுத்து சிறுத்தால் அந்தப் பாத்திரம் முணுமுணுப்பதாக வாசகர் எடுத்துக்கொள்வார்.

அலறலை நீட்டும்போது துணைக்காலை மட்டும் பலமுறை தட்டினால் பல மென்பொருள்களில் புள்ளிவட்டம் வந்து நிற்கும். அளபெடைபோல உயிரெழுத்தைச் சேர்த்து எழுதுங்கள்: 'அம்மாஆஆ!', 'ஐயோஓஓ!'

ஓவியத்தோடு சேர்த்து வரைந்த சத்தங்களை எல்லாம் அழித்து வரைய வேண்டியதில்லை. மூலப் பதிப்பாளரிடம் எழுத்து தனி அடுக்காக உள்ள கோப்பைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நகைச்சுவை எந்தச் சத்தத்தில் தொங்குகிறதோ அதை மட்டும் மாற்றி வரையுங்கள். நம் துணுக்கில் 'கிளிங்' கட்டாயம், முதல் கட்டத்தின் பின்னணியில் கடிகாரம் 'டிக் டிக்' என்றால் அது அப்படியே இருக்கலாம், அல்லது பக்கத்தில் சிறிய எழுத்தில் தமிழ் வரலாம்.

எல்லாம் முடிந்த பக்கத்தை மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, சத்தங்களையும் சேர்த்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒலிச்சொல்லில் தயங்கினால் அது காதுக்குப் பழகாத சொல். வசனத்தின் நடுவிலேயே சிரித்துவிட்டுக் கடைசிச் சொற்களைத் தாழ்ந்த குரலில் முடித்தால், அவர் எங்கே சிரித்தாரோ அங்கேயே வசனத்தை வெட்டிவிடுங்கள்.