“விவரிப்புதான் இருக்கிறது, பகுப்பாய்வு இல்லை”: ஒரே பத்தியைத் திருத்திப் பார்க்கும் கேள்வி பதில்

கேள்வி (இங்கிலாந்தில் வரலாறு எம்.ஏ. படிக்கும் மாணவி): சார், என் கட்டுரையின் ஓரத்தில் மூன்று இடத்தில் “விவரிப்பு அதிகம்” என்று எழுதி 58 மார்க் போட்டிருக்கிறார்கள். தலைப்பு: 1876–78 சென்னை மாகாணப் பஞ்சச் சாவுகளுக்கு அரசின் கொள்கை எந்த அளவு காரணம்? பத்தியை அப்படியே தருகிறேன். தகவலில் தப்பு எதுவும் இல்லையே, பிறகு என்ன குறை?

“1876-ல் பருவமழை பொய்த்ததால் சென்னை மாகாணத்தில் பஞ்சம் தொடங்கியது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு, நிவாரணத்தை மேற்பார்வையிட சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓர் அணாவும் மட்டும் தரலாம் என்று டெம்பிள் கூலியைக் குறைத்தார். மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். பின்னர் அதே ஆண்டில் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை அளித்தது.”

பதில்: தகவல் எல்லாம் சரிதான். ஆனால் ஆறு வாக்கியமும் நடந்த வரிசையில் நிற்கின்றன, எது எதற்குக் காரணம் என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் “சரி, அதனால்?” என்று கேட்டுப் பாருங்கள். கார்னிஷ் எதிர்த்தார், சரி, அதனால்? அவர் எதிர்த்தார் என்பது உங்கள் தலைப்புக்கு எதைக் காட்டுகிறது? எனக்குத் தெரிந்தவரை அது ஒரு பெரிய விஷயத்தைக் காட்டுகிறது: இந்தக் கூலியில் உழைக்கிற உடம்பு தாங்காது என்று அரசுக்கு அதன் சொந்த மருத்துவ அதிகாரியே சொல்லிவிட்டார், ஆகவே “அப்போது யாருக்கும் தெரியாது” என்று பின்னால் வாதாட முடியாது. இது உங்கள் பத்திக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அதை எடுத்துச் சொல்லும் வேலையைத் திருத்துபவரிடம் விட்டுவிட்டீர்கள். அவர் அதற்கு மார்க் தரமாட்டார்.

இன்னொரு சோதனையும் உண்டு. வாக்கியங்களை இடம் மாற்றிப் பாருங்கள். வாதம் இருக்கிற பத்தியில் ஒன்றை நகர்த்தினால் அடுத்தது ஆடிப்போகும். உங்கள் பத்தியில் கார்னிஷ் வாக்கியத்தை முழுசாக எடுத்துவிட்டாலும் மற்ற ஐந்தும் ஒன்றுமே நடக்காதது போல நிற்கின்றன. அதுதான் “விவரிப்பு” என்று அவர் எழுதியதன் பொருள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, இதுக்கு ஒரு சுலப வழி இருக்கு. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாடியும் “எனவே”, “இது மிக முக்கியமானது” என்று சேர்த்தால் பகுப்பாய்வு ஆகிவிடும். என் சீனியர் அப்படித்தான் செய்தார்.

பதில்: பாதி சரி, தம்பி. இணைப்புச் சொல் வேண்டும், ஆனால் அது இணைக்க ஏதாவது இருக்க வேண்டுமே. “கார்னிஷ் எதிர்த்தார். எனவே கூலி உயர்ந்தது” என்று எழுதினால், அந்த “எனவே” ஒரு காரணத்தை உரிமை கோருகிறது. கார்னிஷின் எதிர்ப்பால்தான் உயர்ந்தது என்பதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள் என்று திருத்துபவர் உடனே கேட்பார். ஆதாரம் இல்லாத “எனவே” வெறும் விவரிப்பைவிட மோசம், அது இல்லாததை இருப்பதாகச் சொல்கிறது. “மிக முக்கியமானது” என்பதோ எந்த வாக்கியத்தின் பின்னாலும் ஒட்டும். எதற்கு முக்கியம், யாருடைய வாதத்தைப் பலப்படுத்துகிறது என்று அடுத்த சொல்லிலேயே வரவில்லை என்றால் அடித்துவிடுங்கள்.

கேள்வி (அதே எம்.ஏ. மாணவி): அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது சார்? இருக்கிற பத்தியில் அங்கங்கே வரி சேர்த்துப் பார்த்தேன், நீளமாகிறதே தவிர மாறவில்லை.

பதில்: இருக்கிற பத்தியில் சேர்க்காதீர்கள். அதை மூடி வைத்துவிட்டு, இந்தப் பத்தி தலைப்புக்கு என்ன விடை தருகிறது என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். அது ஒருவர் மறுக்கக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும். “டெம்பிள் கூலியைக் குறைத்தார்” என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். “கூலிக் குறைப்பு தெரிந்தே எடுத்த சிக்கன முடிவு” என்பதை மறுக்கலாம். அதுதான் உங்கள் முதல் வாக்கியம்.

அப்புறம் அந்த வாக்கியத்தைத் தாங்குகிற தகவலை மட்டும் உள்ளே விடுங்கள். மழை பொய்த்தது முன்னுரையிலேயே வந்திருக்கும், இங்கே பாதி வாக்கியம் போதும். 1880 கமிஷன் இந்தப் பத்திக்கு எதுவும் செய்யவில்லை, அது வேறு பத்திக்குப் போகட்டும். அதற்குப் பதில் உங்கள் பத்தியில் இல்லாத ஒரு தகவல் உள்ளே வர வேண்டும்: 1874-ல் பீகார்ப் பஞ்சத்தில் இதே டெம்பிள்தான் பர்மாவிலிருந்து அரிசி தருவித்தார், சாவு மிகக் குறைவாக இருந்தது, ஆனால் அளவுக்கு மீறிச் செலவு செய்தார் என்று கண்டனம் வாங்கினார். ஒரே ஆள், மூன்றே ஆண்டு இடைவெளி, நேரெதிரான இரண்டு கொள்கை. இந்த முரண்பாடு கிடைத்ததும் “ஏன்” என்ற கேள்வி தானாக வந்துவிடும், பத்தி கதை சொல்வதை நிறுத்திவிடும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“பஞ்சத்தைத் தொடங்கிவைத்தது பொய்த்த மழை என்றாலும், நிவாரணம் தேடி வந்தவர்களும் காப்பாற்றப்படாமல் போனதில், அரசு தெரிந்தே எடுத்த சிக்கன முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1877 ஜனவரியில் அனுப்பப்பட்ட டெம்பிள், உழைக்கும் ஆணின் நாள் கூலியை ஒரு பவுண்டு தானியத்தின் விலையோடு ஓர் அணா என்று குறைத்தார். ஏறத்தாழ 450 கிராம் தானியத்தை வைத்து மண் சுமப்பவர் பிழைக்க முடியும் என்று அது எடுத்துக்கொண்டது. இதை அனுபவமின்மையால் வந்த பிழை என்று சொல்வது கடினம். 1874-ல் பீகாரில் பர்மா அரிசியை இறக்குமதி செய்து சாவைப் பெருமளவு தடுத்தவரும், அந்தச் செலவுக்காகக் கண்டிக்கப்பட்டவரும் இவரே. இடையில் மாறியது பஞ்சத்தைப் பற்றிய அறிவு அல்ல, எவ்வளவு செலவிடலாம் என்ற எல்லை. சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுப்பிய எதிர்ப்பு, விளைவு குறித்து அரசு எச்சரிக்கப்பட்டிருந்தது என்பதைக் காட்டுகிறது. பின்னர் அதே ஆண்டில் கூலியை உயர்த்த நேர்ந்தது, குறைத்த அளவை நீடிக்க முடியவில்லை என்பதையாவது உணர்த்துகிறது. எனினும் இந்தக் கூலி வேலைத்தலத்துக்கு வந்தவர்களையே தொட்டது. அங்கே வராமல் ஊரிலேயே இறந்தவர்களுக்கும் 1877-ல் பரவிய காலராவுக்குப் பலியானவர்களுக்கும் இதை மட்டுமே காரணமாக்க முடியாது.”

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். தலைப்பு “எந்த அளவு” என்று கேட்கிறது, ஆகவே எங்கே உங்கள் வாதம் நின்றுவிடுகிறது என்று சொல்வதும் விடையின் ஒரு பகுதி. பலர் அங்கே வாதம் பலவீனமாகிவிடும் என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி (பேர் போட விரும்பாதவர்): நேரடியாகச் சொல்லுங்கள், வெள்ளைக்காரன் செய்த கொடுமையைக் கண்டித்து எழுதச் சொல்கிறீர்கள், அதுதானே பகுப்பாய்வு?

பதில்: இல்லை. கோபம் நியாயமானதுதான், லட்சக்கணக்கானவர்கள் செத்த விஷயம், எனக்கும் படிக்கும்போது வயிறு எரியும். ஆனால் “இது மனிதத்தன்மையற்ற செயல்” என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு, ஏன் அது நடந்தது என்பதை அது விளக்காது. மேலே உள்ள பத்தியில் ஒரு வசைச்சொல்கூட இல்லை, ஆனாலும் 450 கிராம் என்ற அளவும் பீகார் ஒப்பீடும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்போது குற்றச்சாட்டு தானாகவே விழுகிறது.

கேள்வி (வரலாற்று விரிவுரையாளர்): பத்தி நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் உறுத்துகிறது. பீகாரில் பஞ்சம் வந்த பரப்பும் காலமும் சென்னை, மைசூர், தக்காணம் அளவுக்கு விரிந்தவை அல்ல. அங்கே செய்ததை இங்கே செய்ய முடிந்திருக்குமா என்பதே தனிக் கேள்வி. ஒப்பீட்டை இவ்வளவு நம்பலாமா?

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள், ஐயா. இந்த ஒப்பீடு அரசுக்கு இன்னொரு வழி தெரியும் என்பதை நிரூபிக்கிறது. அந்த வழி 1877-ல் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை நிரூபிக்கவில்லை. அதனால்தான் “அறிவு அல்ல, எல்லை” என்ற அளவோடு நிறுத்தினேன், “பீகார் போலச் செய்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள்” என்று போகவில்லை. ஆனாலும் நீங்கள் சொல்வதை மாணவி ஒரு வாக்கியமாகச் சேர்த்தால் பத்தி இன்னும் பலமாகும்: பரப்பு பெரிதாக இருந்ததால் செலவும் பெரிதாகியிருக்கும், ஆனால் ஓர் ஆணுக்குத் தரும் தானியத்தைக் குறைத்ததற்குப் பரப்பு காரணமாகாது என்று. இதற்கு நீங்கள் என்ன பதில் வைத்திருப்பீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது: தலைக்கு ஆகும் செலவைத் தலைகளால் பெருக்கினால்தானே மொத்தம் வரும் என்பீர்கள். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்றே நினைக்கிறேன், அது பரவாயில்லை.

கேள்வி (நர்சிங் மாணவி, சென்னை): அக்காவின் கேள்வி வரலாறு. எனக்கு நர்சிங், அனுபவக் கட்டுரை. நோயாளிக்கு வலி எவ்வளவு என்று கேட்டேன், பத்துக்கு மூன்று என்றார், குறித்துக்கொண்டேன், மாத்திரை கொடுத்தேன், நிம்மதியானார் என்று எழுதினேன். எனக்கும் இதே கமென்ட். எனக்கு இது பொருந்துமா?

பதில்: பொருந்தும், அம்மா, ஆனால் உங்கள் தலைப்பில் டெம்பிளின் இடத்தில் நீங்களே நிற்கிறீர்கள். மூன்று என்று சொன்னபோது அவர் படுக்கையில் திரும்பினாரா, முகம் எப்படி இருந்தது, எண்ணும் உடம்பும் ஒத்துப்போயினவா? ஒத்துப்போகவில்லை என்றால் எதை நம்பினீர்கள், ஏன்? “குறித்துக்கொண்டேன்” என்ற இடத்தில் நீங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறீர்கள், அதைத் திறந்து காட்டுங்கள். மற்ற மூன்று செயல்களையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

கேள்வி (கல்லூரி மாணவர், மறுபடி): சொல் எண்ணிக்கை தாண்டிவிடுமே அண்ணா? உங்கள் பத்தி அவங்க பத்தியைவிட ரெண்டு மடங்குக்கு மேலே இருக்கு.

பதில்: தாண்டும். 2,000 சொல் கட்டுரையில் எல்லா நிகழ்வுக்கும் இப்படி ஒரு பத்தி இடம் பெறாது. ஆகவே மூன்று நான்கு விஷயங்களை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். பஞ்சத்தின் ஒவ்வொரு நிகழ்வையும் சொல்லியே தீர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

கேள்வி (எம்.ஏ. மாணவி): கடைசியாக ஒன்று. எங்கள் மேற்பார்வையாளர் முடிவை பத்தியின் இறுதியில் சொல்ல வேண்டும் என்கிறார். நீங்கள் முதல் வாக்கியத்திலேயே வைத்துவிட்டீர்கள்.

பதில்: இரண்டு பழக்கமும் உண்டு. முதலில் வைப்பதை நான் விரும்புவதற்குக் காரணம், எழுதுகிறவருக்கே அது ஒரு கடிவாளம்: முடிவு மேலே இருந்தால் கீழே வரும் ஒவ்வொரு தகவலும் அதோடு மோதிப் பார்க்கப்படும். உங்கள் மேற்பார்வையாளர்தான் திருத்தப்போகிறார் என்றால் அவர் சொன்னபடி இறுதிக்கு நகர்த்துங்கள், ஆனால் எழுதும்போது மட்டும் மேலே வைத்து எழுதிவிட்டுப் பிறகு நகர்த்துங்கள். நகர்த்திய பிறகு, காலரா வாக்கியத்துக்கு முன்னால் முடிவு வருகிறதா பின்னால் வருகிறதா என்று பாருங்கள். பின்னால் வருகிறது என்றால் “பெரும் பங்கு உண்டு” என்பதை “பெரும் பங்கு உண்டு, ஆனால் அது நிவாரணத்துக்கு வந்தவர்கள் அளவில்” என்று மாற்ற வேண்டியிருக்கும்.