மழைத்துளி படிந்த கண்ணாடி வழியே எடுத்த படத்தைச் சரிசெய்வது

கேள்வி: ஓடும் காரில் முன் இருக்கையிலிருந்து மழையில் ஒரு மலைச்சாலையைப் போனில் எடுத்தேன். காட்சி அருமை, ஆனால் கண்ணாடியில் இருந்த துளிகளும், வைப்பர் இழுத்த அழுக்குக் கறையும் படம் முழுக்கத் தெரிகின்றன. ஹீலிங் பிரஷ் வைத்துத் தேய்த்தால் இன்னும் மோசமாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் படத்தில் இருப்பது இரண்டு விதமான குறைகள். இரண்டுக்கும் ஒரே பிரஷை எடுத்ததுதான் சிக்கல்.

போன் லென்ஸில் ஒளி நுழையும் துவாரம் ஏறக்குறைய 3 மி.மீ. அகலம்தான். அதனால் 5 மி.மீ. துளி ஒன்று நடுவில் மலையை முழுதாக மறைத்துவிடும். அங்கே மீட்க எதுவும் இல்லை, வேறிடத்திலிருந்து எடுத்துத்தான் நிரப்ப வேண்டும். துளியின் விளிம்பிலோ காட்சியும் துளியும் கலந்து மங்கலான வளையமாக இருக்கும். வைப்பர் கறை அப்படியில்லை. மெல்லிய படலமாக அது வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. கறுப்பு வெளுக்கிறது, வெள்ளை மங்குகிறது, ஆனால் மரமும் பாறையும் அதற்குள் அப்படியே இருக்கின்றன. அதை அழிக்கக் கூடாது, வெளுத்ததைத் திருப்ப வேண்டும்.

(பெரிய கேமராவில் 50 மி.மீ. லென்ஸை f/2-வில் திறந்து எடுத்திருந்தால் துவாரம் 25 மி.மீ. அப்போது 4 மி.மீ. துளி வெளிச்சத்தில் நூற்றில் இரண்டு மூன்று பங்கையே தடுக்கும். துளிகூடப் படத்தில் வெறும் மங்கல் வட்டம்தான். அங்கே கறைக்கான வைத்தியமே துளிக்கும் போதும்.)

கறையை முதலில் சரிசெய்யுங்கள். துளிகளை முதலில் நிரப்பிவிட்டால், வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல பகுதியும் பிறகு கறைத் திருத்தத்தில் மாட்டி நிறம் கெட்டுப்போகும். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் படத்தைத் திறந்து லேயரை நகலெடுத்துக்கொண்டு, கறையைச் சுற்றி Free Select கொண்டு வரையுங்கள். ஓரம் தெரியாமலிருக்க Select > Feather கொடுங்கள். கறை 600 பிக்சல் அகலம் என்றால் 60 பிக்சல் அளவில் தொடங்கலாம். இப்போது ஒரே பொருள் கறைக்கு உள்ளேயும் வெளியேயும் வருகிற இடத்தைத் தேடி, Color Picker வைத்து அளவெடுங்கள். மரநிழல் வெளியே 40, உள்ளே 62 என்றும், மேகம் வெளியே 200, உள்ளே 190 என்றும் வைத்துக்கொள்வோம் (0 முதல் 255 வரையான அளவில்). Colors > Curves திறந்து 62-ஐ 40-க்கு இறக்குகிற புள்ளி ஒன்றும், 190-ஐ 200-க்கு ஏற்றுகிற புள்ளி ஒன்றும் வையுங்கள். கறை பெரும்பாலும் மறைந்துவிடும். சேற்றுக் கறை என்றால் பழுப்பு மிச்சமிருக்கும்; அதற்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் இதே அளவைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். கறையின் தடிமன் எங்கும் ஒன்றாக இருக்காது, ஆகவே இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்துச் செய்வது நல்லது.

அப்புறம் துளிகள். முதலில் Select மெனுவில் None கொடுத்துக் கறையின் தேர்வை நீக்குங்கள், இல்லாவிட்டால் பிரஷ் அதற்கு வெளியே வேலை செய்யாது. வானத்தின் நடுவில் இருப்பவை எளிது: Heal கருவியை எடுத்து, பக்கத்து வானத்தில் Ctrl பிடித்துச் சொடுக்கி, துளியின் மேல் ஒரு முறை அழுத்தினால் போதும். பிரஷ் அந்த மங்கல் வளையத்தையும் தாண்டி இருக்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற துளி அளவுக்கே எடுத்தால் மாவு பூசியது போல ஒரு வட்டம் மிஞ்சும்.

நீங்கள் தோற்றது, என் ஊகம், மலைவிளிம்பில் உட்கார்ந்திருக்கும் துளிகளில். Heal சுற்றியுள்ள நிறத்தோடு இழைத்துவிடப் பார்க்கும். ஒரு பக்கம் வெளிர் வானம், மறுபக்கம் கரும் மலை என்றால் இரண்டையும் குழைத்து அழுக்காக்கும். அங்கே நிறத்தை இழைக்காமல் அப்படியே நகலெடுக்கும் Clone கருவிதான். விளிம்பில் துளிக்குச் சற்று இடப்பக்கம் Ctrl சொடுக்கி, சிறிய பிரஷ்ஷால் முதலில் அந்தக் கோட்டை மட்டும் இணையுங்கள். கோடு சேர்ந்ததும் மேலே வானத்தையும் கீழே மலையையும் தனித்தனியாக Heal செய்யலாம், பிரஷ் கோட்டைத் தொடாதவரை. சாலையின் வெள்ளைக் கோட்டுக்கும் இதே முறைதான். அது தூரம் போகப்போகக் குறுகுவதால் மாதிரியை மிக அருகிலிருந்தே எடுங்கள்.

முடித்ததும் படத்தை இடவலமாகத் திருப்பி, பாதி அளவில் பாருங்கள். ஒரே புதர் இரண்டு இடத்தில் இருந்தால் உடனே கண்ணில் படும்.

முகத்தையோ பெயர்ப்பலகை எழுத்தையோ துளி மறைத்திருந்தால் விட்டுவிடுங்கள். நிரப்பினால் அது உங்கள் கற்பனைதான். அதே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த வேறு படம் போனில் இருக்கிறதா என்று தேடுங்கள். கார் நகர்ந்திருப்பதால் துளி வேறிடத்தை மறைத்திருக்கும், அந்தத் துண்டை எடுத்து இங்கே ஒட்டிவிடலாம்.