வேலை எந்த வழியாக வந்தது? தொழில் தொடர்புகளுக்கு ஒரு கணக்கு

கேள்வி: கோவையில் தனி ஆளாக ஆட்டோமேஷன் வேலை செய்கிறேன். மில்களிலும் ஃபவுண்டரிகளிலும் பழைய கன்ட்ரோல் பேனல்களை மாற்றி, இயந்திரங்களைத் தானாக இயக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவியைப் போட்டுக் கொடுப்பதுதான் பெரும்பாலும் என் வேலை. லிங்க்ட்இன்னில் என்னை 9,000 பேர் பின்தொடர்கிறார்கள். சங்கக் கூட்டங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் தவறாமல் போகிறேன். ஆனாலும் இவற்றால் எனக்கு வேலை வருகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதை எப்படி அளப்பது?

பதில்: நீங்கள் எண்ண வேண்டியவை மூன்று: உரையாடல், அறிமுகம், வாய்ப்பு. மூன்றையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு வாய்ப்பும் எந்த அறிமுகத்தால் வந்தது, அந்த அறிமுகம் எந்த உரையாடலில் தொடங்கியது என்று பின்னோக்கிச் செல்லும் தடம் உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். அந்தத் தடம்தான் அளவுகோல். ஒரு நோட்டுப் புத்தகமோ கூகுள் ஷீட்டோ இதற்குப் போதும்.

முதலில், எதை எண்ணலாம், எதை எண்ணக் கூடாது என்பதைக் கறாராக வரையறுத்துக்கொள்ளுங்கள். விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டது உரையாடல் ஆகாது. பதிவின் கீழே எழுதப்பட்ட வாழ்த்தும் ஆகாது. நேரிலோ தொலைபேசியிலோ ஒருவரோடு தொழில் பேசி, அவருடைய ஆலையைப் பற்றி முன்பு உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டால் அது உரையாடல். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அன்று இரவே அந்தப் பேச்சை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். 'சாண்ட் பிளான்ட் பேனல் அடிக்கடி டிரிப் ஆகிறது, ஷட்டவுன் தீபாவளிக்குத்தான் கிடைக்கும்' என்பதுபோல் ஒரு வரி எழுத முடிந்தால் எண்ணுங்கள்; 'நன்றாகப் பேசினார்' என்பதற்கு மேல் எதுவும் தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள். அந்த வரியோடு தேதி, அவருடைய பொறுப்பு, எங்கே சந்தித்தீர்கள், எவ்வளவு பழக்கம் ஆகியவற்றையும் குறித்துவையுங்கள். பொறுப்பு என்ற பத்தியின் பயன் பின்னால் விளங்கும்.

அறிமுகத்தில்தான் பலரும் கணக்கைத் தவறவிடுகிறார்கள். 'நம்பர் தருகிறேன், நான் சொன்னதாகச் சொல்லிப் பேசிப் பாருங்கள்' என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களுக்காக இன்னும் வாய் திறக்கவில்லை. கையில் ஒரு தொலைபேசி எண் மட்டும் வந்திருக்கிறது. அவரே அந்த மேலாளரிடம் உங்களைப் பற்றிச் சொல்லி, மேலாளரும் பேசச் சம்மதித்த பிறகு இருவரையும் சேர்த்துவைத்தால்தான் அறிமுகம். அங்கே அவர் தம் பெயரைப் பணயம் வைக்கிறார். அதனால் அது கிடைப்பதும் அரிது, கிடைத்தால் அதன் பலமும் அதிகம். வெறும் எண் கொடுத்ததை 'அரை' என்று தனியாகக் குறியுங்கள். இரண்டையும் கலந்து எண்ணினால் கணக்கு பொய்யாகிவிடும். நீங்கள் பிறருக்குச் செய்துகொடுத்த அறிமுகங்களையும் இதே பக்கத்தில் எழுதி வாருங்கள். பெறுவதும் கொடுப்பதும் ஒன்றையொன்று எப்படித் தொடர்கின்றன என்பது ஆறு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும்.

வாய்ப்பு என்றால் குறிப்பிட்ட ஒரு தேவை இருக்க வேண்டும். முடிவெடுக்கக்கூடிய ஒருவர் உங்களை நேரில் வந்து பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும் அல்லது கொட்டேஷன் கேட்டிருக்க வேண்டும். 'பட்ஜெட் வந்ததும் கூப்பிடுகிறேன்' என்பதை உரையாடல் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள்.

தடத்தைப் பிடிப்பதற்கான நேரம் முதல் அழைப்புதான். புதிய ஒருவர் கூப்பிட்டதும், என்னைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். 'லிங்க்ட்இன்னில் பார்த்தேன்' என்றோ 'கூகுளில் தேடினேன்' என்றோ பதில் வந்தால் அதோடு நிறுத்தாமல், 'என் பெயரை முதலில் யார் சொல்லிக் கேள்விப்பட்டீர்கள்?' என்றும் கேளுங்கள். வேறொருவர் சொல்லித்தான் அவர் தேடியே இருக்கக்கூடும். கடைசியாகப் பார்த்த இடம் மட்டும் அவர் நினைவில் நிற்கும். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காவிட்டால், ஒரு பேனல் தயாரிப்பாளர் செய்த உதவி லிங்க்ட்இன்னின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. அறிமுகம் கிடைத்தவர் அழைப்பதற்கு முன் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்து நம்பிக்கை கொள்ளலாம். அப்படியானால் அந்தப் பக்கத்தில் நீங்கள் செய்த வேலையின் படங்களும் விவரங்களும் இருப்பது முக்கியம். பின்தொடர்வோர் 900 பேரா 9,000 பேரா என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல. அந்த 9,000 பேர் யார் என்று அறிய விரும்பினால், லிங்க்ட்இன் தரும் புள்ளிவிவரப் பகுதியில் அவர்களுடைய பொறுப்பு, துறை, ஊர் ஆகியவை தொகுப்பாகக் கிடைக்கும். அதில் பராமரிப்பு மேலாளர்களும் ஆலை உரிமையாளர்களும் எவ்வளவு, மாணவர்களும் சக பொறியாளர்களும் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி இந்தக் கணக்கைப் படிக்கும் முறை. இந்த மாத ஆர்டரை இந்த மாத உரையாடலோடு ஒப்பிடாதீர்கள். மில்லிலோ ஃபவுண்டரியிலோ பேனல் மாற்றுவது ஷட்டவுனையும் பட்ஜெட்டையும் பொறுத்தது; பேச்சுக்கும் பர்ச்சேஸ் ஆர்டருக்கும் இடையில் பல மாதங்கள் ஓடிவிடும். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த உரையாடல்களை ஒரே கட்டாக எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து என்ன முளைத்தது என்று செப்டம்பர் இறுதியில் பாருங்கள்.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். அந்த மூன்று மாதங்களில் 24 உரையாடல்கள்: கண்காட்சியில் 10, சங்கக் கூட்டங்களில் 8, ஏற்கெனவே பழக்கமான பேனல் தயாரிப்பாளர், எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர், பழைய வாடிக்கையாளர்கள் ஆகியோரோடு 6 என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பருக்குள் கிடைத்த முழு அறிமுகங்கள் ஐந்து; கண்காட்சியிலிருந்து ஒன்றுமில்லை, சங்கத்திலிருந்து ஒன்று, பழக்கமானவர்களிடமிருந்து நான்கு. அந்த நான்கிலிருந்து மூன்று வாய்ப்புகள் வந்தன. ஃபவுண்டரி ஒன்றின் சாண்ட் பிளான்ட் பேனல் ஆர்டராகிவிட்டது. ஸ்பின்னிங் மில்லின் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்டுக்குக் கொடுத்த கொட்டேஷன் நிலுவையில் இருக்கிறது. கம்ப்ரஸர் அறை வேலை விலையில் கைவிட்டுப் போனது.

இதைப் பார்த்தவுடன் கண்காட்சி வீண் என்று முடிவுகட்டத் தோன்றும். அதற்கு முன் பொறுப்பு என்ற பத்தியைப் பாருங்கள். கண்காட்சியில் பேசிய பத்துப் பேரில் ஏழு பேர் உங்களைப் போலவே பொருளோ சேவையோ விற்க வந்தவர்கள் என்று தெரிந்தால், பிழை கண்காட்சியில் இல்லை. நீங்கள் யாரைத் தேடிப் போய்ப் பேசினீர்கள் என்பதில்தான் இருக்கிறது. சங்கத்தில் எட்டு உரையாடலுக்கு ஒரே அறிமுகம் என்பது வேறு குறையைக் காட்டுகிறது. உங்களை அவர்களுக்குப் பிடித்திருக்கலாம். ஆனால் எந்தச் சூழ்நிலையில் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 'ஆட்டோமேஷன் செய்கிறேன்' என்பதற்குப் பதிலாக, 'ஸ்பேர் கிடைக்காத பழைய பிஎல்சியால் லைன் நிற்கிறது என்று யாராவது புலம்பினால் எனக்குச் சொல்லுங்கள்' என்று சொல்லிவைத்து, அடுத்த மூன்று மாதக் கட்டில் அறிமுகம் கூடுகிறதா என்று பாருங்கள். அறிமுகங்கள் நிறைய வந்தும் வாய்ப்பாக மாறாவிட்டால், தவறான ஆலைகளுக்கோ முடிவெடுக்க முடியாதவர்களிடமோ உங்களை அனுப்புகிறார்கள் என்று பொருள். வாய்ப்பு வந்தும் ஆர்டர் வராததோ விலையையும் கொட்டேஷனையும் பற்றிய சிக்கல். அதற்குத் தொடர்புகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

நெருங்கியவர்களிடமிருந்துதான் வேலை வரும் என்றும் இதை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரப் பகுதியில் தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை ஆராய்ந்து 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், உதவியவரை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம்; அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். ஆனால் 2022-இல் வெளியான, லிங்க்ட்இன்னில் இரண்டு கோடி பேருக்கு மேல் உள்ளடக்கிய ஆய்வு, மிதமான பழக்கமே அதிகம் பயன்பட்டது என்றும், டிஜிட்டல்மயம் குறைந்த துறைகளில் நெருங்கிய பழக்கம் கூடுதலாக உதவியது என்றும் கண்டது. இரண்டுமே பணியில் சேர்வதைப் பற்றியவை, ஆர்டர் பிடிப்பதைப் பற்றியவை அல்ல. உங்கள் தொழிலில் எது உண்மை என்பதை நீங்கள் எழுதிவரும் 'எவ்வளவு பழக்கம்' என்ற பத்திதான் சொல்ல முடியும். நான்கு அறிமுகங்களும் ஒரே பேனல் தயாரிப்பாளரிடமிருந்து வந்தவை என்றால் இன்னும் கவனம் வேண்டும். நாளை அவரே ஒரு புரோகிராமரை வேலைக்கு வைத்துக்கொண்டால் உங்களுக்கு வரும் வழி அடைபட்டுவிடும்.

எண்ணிக்கையையே இலக்காக்கிக்கொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. ஐவன் மைஸ்னர் 1985-இல் தொடங்கிய பிஎன்ஐ போன்ற தொழில்முனைவோர் குழுக்கள் தனிச் சந்திப்புகளையும் பரிந்துரைகளையும் பதிவு செய்வதோடு நிற்பதில்லை. அவற்றால் முடிந்த வணிகத்தின் தொகையையும் பதிவு செய்கின்றன. அந்த மூன்றாவது பத்தி இல்லாவிட்டால், வாரக் கணக்கை நிரப்புவதற்காகவே பெயருக்குப் பரிந்துரை கொடுக்கும் பழக்கம் எந்தக் குழுவிலும் எளிதில் வந்துவிடும். உங்கள் நோட்டிலும் அப்படியே. 'வாரம் ஐந்து உரையாடல்' என்று இலக்கு வைத்தால், ஒரு வரிகூட எழுத முடியாத பேச்சுகள் உள்ளே நுழையத் தொடங்கும்.

ஐந்து அறிமுகங்கள், மூன்று வாய்ப்புகள் என்ற அளவில் சதவீதம் போடாதீர்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விகிதம் தலைகீழாகிவிடும். ஒவ்வொரு தடத்தையும் கதைபோல் வாசியுங்கள். சங்கச் சந்தாவையோ கண்காட்சிச் செலவையோ நிறுத்துவது பற்றி ஒரே கட்டை வைத்து முடிவெடுக்காமல், அடுத்தடுத்த இரண்டு கட்டுகளிலும், நீங்கள் பேசும் ஆட்களையும் சொல்லும் விதத்தையும் மாற்றிய பிறகும், அங்கிருந்து ஒரு முழு அறிமுகம்கூட வராவிட்டால் நிறுத்துங்கள்.