பெய்லி பாலம் தள்ளும்போது ஆற்றில் கவிழ்வது ஏன்?

"பெய்லி பால மாதிரி செய்கிறேன். பாதி தூரம் தள்ளியதும் தலைகுப்புறக் கவிழ்கிறது. போரில் எப்படித் தள்ளினார்கள்?"

உங்கள் பாலத்துக்கு மூக்கு இல்லை என்று நினைக்கிறேன். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் பொறியாளர்கள் பாலத்தின் முன்னால் மூக்கு என்று தளப்பலகை போடாத வெறும் எலும்புக்கூட்டை மாட்டித்தான் உருளைகள்மேல் தள்ளினார்கள். பாலத்தைக் கோத்துக் கட்டும் எஃகுச் சட்டமான பேனல் ஒன்று 10 அடி நீளம், சுமார் 260 கிலோ. ஆறு பேர் தூக்குவார்கள். மூக்கு எதிர்க்கரை உருளையைத் தொடும்வரை மொத்த எடையின் மையம் இக்கரை உருளைக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். முன்பக்கம் லேசாக இருப்பதால்தான் அது நடக்கிறது.

அடுத்த சிக்கல் தொய்வு. நீட்டிய மூக்கு கீழே தாழ்ந்து, எதிர்க்கரை உருளையில் ஏறாமல் கரையில் முட்டும். அதற்காக மூக்குப் பேனல்களின் அடிச்சட்ட இணைப்பில் சிறு இரும்பு இணைப்பைச் செருகுவார்கள். அடிப்பக்கம் நீள்வதால் நுனி மேல்நோக்கி வளையும். மாதிரியை ஒவ்வொரு முறை தள்ளும்முன்னும் பென்சில்மேல் வைத்து எடைமையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.